வசூலுக்குத்தான் கமிஷன்: நாலு வருஷம் ஓட்டிப் பார்த்ததில்

கல்லிடைக்குறிச்சியில் எங்களுக்கு அப்பள வியாபாரம். தென்காசி, சங்கரன்கோவில் லைனுக்கு ஏஜென்ட்கள் உண்டு. முன்பெல்லாம் பில் போட்டதுமே கமிஷன். சரக்கு போய் இறங்கிவிடும், பணம்தான் வராது. நாலு வருஷத்துக்கு முன் வசூலான தொகைக்கு 3 சதவீதம் என்று மாற்றினோம். இப்போது பாக்கி கேட்க ஏஜென்ட்டே வண்டியை எடுக்கிறார். அந்த வகையில் திருப்தி. தலைவலி கொடுத்தது ரிட்டன்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் அப்பளம் நமத்துப்போய்த் திரும்பும். ஒரு கடை 40,000 ரூபாய் பில்லை முழுசாகக் கட்டிவிட்டது. ஏஜென்ட்டுக்கு 1,200 கொடுத்தாயிற்று. அப்புறம் 6,000 ரூபாய் சரக்கு திரும்பி வந்தது. கிரெடிட் நோட் போட்டு, கமிஷனில் 180 பிடித்தேன். மாதக் கடைசியில் ஏஜென்ட் டைரியோடு வந்தார். "அண்ணாச்சி, ஒரே ரிட்டனுக்கு ரெண்டு தடவ பிடிச்சிருக்கிய."

அவர் சொன்னதுதான் சரி. கடைக்காரர் அந்த 6,000-ஐ அடுத்த 30,000 ரூபாய் பில்லில் கழித்துக்கொண்டு 24,000 மட்டும் கட்டியிருந்தார். வசூல் குறைந்ததால் கமிஷனும் 900-க்குப் பதில் 720 ஆகிவிட்டது. 180 தானாகவே போய்விட்ட பிறகு நான் தனியாக இன்னொரு 180 பிடித்திருக்கிறேன். கையில் வந்த பணத்துக்குக் கமிஷன் போட்டால், அடுத்த பில்லில் கழியும் ரிட்டனுக்குத் தனியாகப் பிடிக்கக் கூடாது. கடைக்குப் பணமாகத் திருப்பிக் கொடுத்தால் பிடிக்க வேண்டும். பில் கணக்குத் தீர்ந்ததை வைத்துக் கமிஷன் போடுகிறவர்கள் கிரெடிட் நோட்டையும் வசூலாக எண்ணிவிடுவார்கள். அவர்களும் பிடித்தாக வேண்டும்.

அடுத்தது மார்ச் 31. 2025-ல் ஒரு லைனில் மட்டும் பாக்கி 6,40,000. விற்பனை அந்த வருஷக் கணக்கில் வந்துவிட்டதால், அதற்கான கமிஷனும் அதிலேயே வர வேண்டும். ரிட்டனுக்கு 5 சதவீதம் கழித்து, 6,08,000-க்கு 18,240 ஒதுக்கினோம். ஏஜென்ட் பெயரில் வரவு வைக்கும்போதே டிடிஎஸ் பிடிக்கச் சொன்னார் ஆடிட்டர். 2 சதவீதம், 365 ரூபாய். பணம் கைக்கு வருமுன்னே வரியா என்று ஏஜென்ட் முகம் சுளித்தார். நியாயம்தான்.

ஏப்ரலில் அந்தப் பாக்கி வசூலாகும்போது கமிஷனை ஒதுக்கீட்டில்தான் கழிக்க வேண்டும். முதல் வருஷம் கணக்குப் பையன் மறுபடியும் செலவில் எழுதிவிட்டான். ஜூன் வரை தெரியவில்லை. பழைய பில்லெல்லாம் தீர்ந்த பிறகும் ஒதுக்கீடு ஒரு ரூபாய்கூடக் குறையாமல் நின்றபோதுதான் பிடிபட்டது.

இன்னும் முழுசாகத் தீராதது ஏஜென்ட் மாறும் லைன். பழையவர் கமிஷன் வாங்கிப் போன சரக்கு திரும்பி வந்தால், புது ஆளின் வசூலில் அடி விழுகிறது. இப்போது விலகுகிறவரின் கடைசி மாதக் கமிஷனை இரண்டு மாதம் நிறுத்திவைத்து, ரிட்டனுக்கு உரியதை அதிலிருந்து எடுத்துப் புதியவருக்குக் கொடுக்கிறோம். மழைக்காலத்தில் விலகினால் அந்த இரண்டு மாதம் போதுவதில்லை.