வேலூரும் ஆம்பூரும் ஒன்றையொன்று கிண்டலடிப்பதில் எது கூர்மை: வேலூர்க்காரர் கிண்டலா, ஆம்பூர்க்காரர் கிண்டலா?

சாப்பாட்டில் ஆம்பூருக்குத்தான் வெற்றி, இதில் பேச்சே இல்லை. சீரக சம்பா பிரியாணியும் அந்தக் கத்திரிக்காய்ப் பச்சடியும் கையில் இருக்கும்போது ஆம்பூர்க்காரர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "வேலூர்ல ஆம்பூர் பிரியாணின்னு போர்டு இருக்கு, ஆம்பூர்ல வேலூர் பிரியாணின்னு எங்கயாவது பார்த்திருக்கியா மச்சான்?" வேலூர்க்காரர் பேச்சை பஸ்ஸுக்கு மாற்றிவிடுவார். பெங்களூர் பஸ் கண்டக்டர், "ஆம்பூர் டிக்கெட் அப்புறம் ஏறு" என்று கத்துவதை அப்படியே நடித்துக் காட்டினால் போதும், கணக்கு நேராகிவிடும்.

வெயிலில்தான் வேடிக்கை. வானிலை நிலையம் வேலூரில் இருப்பதால் கத்திரி வெயிலில் டிவியில் வருவது வேலூர் பேர்தான். "நாங்களும்தான் வேகிறோம், பேரு மட்டும் உங்களுக்கா?" என்பது ஆம்பூர்க் குறை.

ஆனால் கூர்மையான கிண்டல் வேலூர் தன்னைப் பற்றியே சொல்லிக்கொள்வது: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். 1981-இல் ஜலகண்டேஸ்வரர் மறுபடி கோயிலுக்குள் வந்த பிறகும் அந்த மூன்றாவதை யாரும் விடவில்லை.

ஆம்பூர்க்காரர் பாலாற்றைச் சொல்லிச் சிரிக்கலாம், அவர் ஊரிலும் அதே மணல்தான். கிண்டல் உறைக்காமல் ஒட்டுவதற்குக் காரணம் அதுதான். அதையே சென்னைக்காரர் சொல்லட்டும், இவ்வளவு நேரம் சண்டை போட்ட ரெண்டு பேரும் சேர்ந்துகொண்டு, "உங்க ஊர் கூவத்தைப் பத்திப் பேசலாமா சார்?" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.