மிராகாஸ்ட்டா, கூகுள் காஸ்ட்டா?

கைபேசித் திரையைக் கம்பியில்லாமல் தொலைக்காட்சியில் காட்ட இவ்விரண்டு வழிகளும் பரவலாக உள்ளன. மிராகாஸ்ட்டில் இரு கருவிகளும் வைஃபை டைரக்ட் மூலம் நேரடியாக இணைவதால் ரவுட்டரோ இணையமோ தேவையில்லை. ஆனால் திரையில் தெரிவதையெல்லாம் கைபேசியே உடனுக்குடன் சுருக்கி அனுப்புவதால் படம் சற்றுப் பிந்தும். கூகுள் காஸ்ட்டிலோ, யூடியூப் செயலியின் காஸ்ட் குறியைத் தொட்டதும் தொலைக்காட்சியே காணொளியை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ள, கைபேசி ரிமோட்டாக மட்டும் இருக்கிறது. முழுத் திரையையும் காட்டினால் இந்த வசதி கிடைக்காது.

வேலூர் சத்துவாச்சாரியில் உறவினர் வீட்டில் காஸ்ட் குறியே தோன்றவில்லை. தொலைக்காட்சி வீட்டு வைஃபையிலும், என் கைபேசி அதே ரவுட்டரின் விருந்தினர் வைஃபையிலும் இருந்தன. விருந்தினர் வைஃபை பொதுவாக வீட்டுக் கருவிகளைக் காணவிடாது என்பதால், கைபேசியை வீட்டு வைஃபைக்கு மாற்றியவுடன் குறி வந்துவிட்டது.

மிராகாஸ்ட் திக்கித் திக்கி ஓடினால், முதலில் கைபேசியைத் தொலைக்காட்சிக்கு அருகில் கொண்டுசென்று பாருங்கள். சீரானால் அலைவலிமைதான் குறை. சீராகாவிட்டால், கைபேசி ரவுட்டருடனும் தொலைக்காட்சியுடனும் வெவ்வேறு சேனல்களில் மாறிமாறிப் பேசிக்கொண்டிருக்கலாம். அப்போது வைஃபையை அணைக்காமல், ரவுட்டர் இணைப்பை மட்டும் துண்டிக்க வேண்டும். வைஃபையையே அணைத்தால் மிராகாஸ்ட்டும் நின்றுவிடும்.

திரைப்படம் பார்க்க நான் காஸ்ட்டையே பரிந்துரைப்பேன். இணையம் தடுமாறும் அணைக்கட்டுப் பக்கத்துச் சிற்றூர்களில், கைபேசியிலுள்ள திருமணப் படங்களைக் காட்ட மிராகாஸ்ட் நல்லது. ஆனால் ஐபோனிலும் பிக்சலிலும் அது இல்லை.