மூன்றே முன்பதிவுகள் இருக்கும்போது: வில்சன் ஆயிடையைப் பயன்படுத்திய அனுபவம்

திருகோணமலை உப்புவெளியிலுள்ள ஒரு விருந்தினர் விடுதியின் இணையத்தளக் கணக்கை நான் பார்த்து வருகிறேன். கிழக்குக் கடற்கரையின் சீசன் மே மாதமளவில் தொடங்கும்போது நேரடி முன்பதிவுகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கும். ஆயினும் தளத்தைப் பார்த்தவர்களில் எத்தனை சதவீதத்தினர் முன்பதிவு செய்தனர் என்ற வீதத்தை உரிமையாளர் அப்போதே கேட்பார். அந்த வேளைகளில் தனிச் சதவீதத்துக்குப் பதிலாக, உண்மை வீதம் எந்த எல்லைகளுக்குள் இருக்கக்கூடும் என்று காட்டும், எட்வின் வில்சன் 1927இல் முன்வைத்த நம்பிக்கை ஆயிடையைச் சில சீசன்களாகக் கொடுத்து வருகிறேன்.

தளத்துக்கு 120 பேர் வந்து 3 பேர் முன்பதிவு செய்தால் வீதம் 2.5%. பாடநூல்களில் முதலில் வரும் சூத்திரத்தின்படி 95% ஆயிடை −0.3% முதல் 5.3% வரை அமைகிறது. வீதம் எதிர்மறையாக இருக்க முடியாது என்பதே அச்சூத்திரம் இங்கே பொருந்தவில்லை என்பதைக் காட்டிவிடுகிறது. முன்பதிவே இல்லாத வாரத்தில் அது பூச்சியம் முதல் பூச்சியம் வரை என்று கூறும். அது இன்னும் மோசம். கண்ட வீதத்தைக் கொண்டே வழுவையும் அது அளப்பதுதான் காரணம். வில்சன் முறையோ, உண்மை வீதம் எவ்வளவாக இருந்தால் இந்த மூன்று முன்பதிவுகள் வியப்புக்குரியவை ஆகமாட்டா என்று கேட்டு, அந்தந்த வீதத்துக்குரிய வழுவைக் கொண்டு எல்லைகளைக் காண்கிறது. விரிதாளில் A2 முன்பதிவுகள், B2 வருகையாளர்கள் எனில் கீழெல்லை இது:

```
=(A2+1.92-1.96*SQRT(A2*(B2-A2)/B2+0.96))/(B2+3.84)
```

1.96க்கு முன்னுள்ள கழித்தல் குறியைக் கூட்டலாக்கினால் மேலெல்லை கிடைக்கும். நம் எடுத்துக்காட்டில் 0.9% முதல் 7.1% வரை வருகிறது. விடை அகலமானதுதான், மூன்று முன்பதிவுகள் அதற்கு மேல் எதையும் சொல்வதில்லை.

புகைப்படங்களை மாற்றிய பின்னர் 115 பேரில் 6 பேர் முன்பதிவு செய்தபோது, வீதம் இரட்டிப்பாகிவிட்டது என்றார் உரிமையாளர். அதன் ஆயிடை 2.4% முதல் 10.9% வரை. இரண்டு ஆயிடைகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன என்பதை மட்டும் வைத்து வேறுபாடு இல்லை என்று முடிவுசெய்வது தவறு; வேறுபாட்டுக்கே தனி ஆயிடை காண வேண்டும். வில்சன் எல்லைகளிலிருந்து நியூகோம்ப் முறைப்படி கணித்தபோது 2.7 சதவீதப் புள்ளி குறைவு முதல் 8.7 புள்ளி கூடுதல் வரை கிடைத்தது. பூச்சியம் அதற்குள் அடங்குவதால் புதிய படங்களுக்குச் சாதகமாகவோ எதிராகவோ தீர்ப்புக் கூறவில்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

இம்முறை காக்காத இடங்களும் உள்ளன. ஒரே பயணி கைபேசியில் மூன்று முறை பார்த்துவிட்டு முன்பதிவு செய்தால், வருகைகளை எண்ணும்போது B2 பொய்யாகப் பெருகி ஆயிடையும் பொய்யாகச் சுருங்கும். எனவே ஆட்களையே எண்ணுகிறேன். வெளிநாட்டவர் பலர் பார்த்துச் சில வாரங்கள் கழித்தே முடிவுசெய்வதால், அண்மையில் வந்தவர்களைச் சேர்த்தால் வீதம் கீழே இழுக்கப்படும், இதை எந்தச் சூத்திரமும் திருத்தாது. முதல் வருகைக்கும் முன்பதிவுக்கும் இடையிலான நாட்களைச் சென்ற சீசன் பதிவுகளில் பார்த்து, அந்தக் கால அவகாசம் கடந்தவர்களை மட்டுமே இப்போது B2இல் சேர்க்கிறேன்.