வீண்நேரத்தைத் தனியே பிரிப்பதா, திறனோடு சேர்ப்பதா?

முழுக்கைச் சட்டை தைக்கும் ஒரு பிரிவின் கணக்கு என் பொறுப்பில் இருக்கிறது. எங்கள் நியமச் செலவு அட்டையில் ஒரு சட்டைக்கு அரை மணி நேரம், மணிக்கு 80 ரூபாய், ஆக 40 ரூபாய் கூலி. ஒரு மாதம் 6,000 சட்டைகள் வந்தன. 3,300 மணிக்குச் சம்பளமாக 2,77,200 ரூபாய் கொடுத்தோம். நியமப்படி ஆகவேண்டியது 2,40,000. மீதி 37,200 ரூபாய் எங்கே போனது?

கூலி வீத மாறுபாட்டில் தகராறு இல்லை. மணிக்கு 84 ரூபாய் கொடுத்திருக்கிறோம். 3,300 மணிக்கும் நான்கு ரூபாய் வீதம் 13,200 பாதகம். இரண்டு முறைகளிலும் இது ஒன்றுதான்.

மீதமுள்ள 24,000 ரூபாயில்தான் வழிகள் பிரிகின்றன. பழைய முறைப்படி 6,000 சட்டைக்கு உரிய 3,000 மணியிலிருந்து 3,300ஐக் கழித்து, முழுவதையும் திறன் மாறுபாடு என்று எழுதிவிடலாம். வேலை சுலபம். ஆனால் துணி வராமல் கைகட்டி உட்கார்ந்திருந்த நேரத்துக்கும் தையல்காரர்கள்தான் பழி சுமக்கவேண்டும்.

நான் பிரித்தெழுதும் முறைக்கு மாறினேன். மேற்பார்வையாளர் குறிப்பேட்டில் வீண்நேரம் 360 மணி. அதை 80 ரூபாயால் பெருக்க 28,800 பாதகம். உண்மையில் வேலை நடந்தது 2,940 மணி. 3,000 மணி வேலையை அதற்குள் முடித்ததால் திறன் 4,800 ரூபாய் சாதகம். இரண்டும் சேர்ந்தால் அதே 24,000தான், ஆனால் கேள்வி தையல் வரிசையை விட்டு ஸ்டோருக்குப் போகிறது.

இந்த முறையின் உயிர் அந்தக் குறிப்பேட்டில் இருக்கிறது. 360 மணியைத் துணி வழங்கிய சீட்டுகளின் நேரத்தோடும் ஜெனரேட்டர் பதிவேட்டோடும் ஒப்பிட்டேன். 280 மணிக்குத்தான் கணக்கு கிடைத்தது. மற்ற 80 மணியில் காலர் பிசகிய சட்டைகளைப் பிரித்து மறுபடி தைத்திருந்தார்கள். அது வீண்நேரம் அல்ல. கை ஓடிய நேரம், திறன் மாறுபாட்டில் சேரவேண்டியது. திருத்தியபின் வீண்நேரம் 22,400 பாதகம். திறனோ சாதகம் போய் 1,600 பாதகமாயிற்று. ஒரு மணியை இடம் மாற்றி எழுதினால் 80 ரூபாய் ஒரு பத்தியிலிருந்து அடுத்த பத்திக்குப் போகும், மொத்தம் மாறாது. அதனால் கூட்டிப் பார்த்து இந்தத் தவற்றைப் பிடிக்கவே முடியாது. சீட்டோடு ஒப்பிட ஆள் இல்லாத இடத்தில் பழைய முறையே நேர்மையானது என்பேன்.

வழக்கமாக வரும் வீண்நேரத்தை அட்டையிலேயே ஏற்றிவிடும் மூன்றாவது வழியும் உண்டு. 100 மணிச் சம்பளத்தில் 4 மணி வீணாகும் என்று எதிர்பார்த்தால், வேலை நடந்த மணிக்கு 80க்குப் பதில் 83.33 ரூபாய் வரும். 4 மணிக்கு மேல் போனது மட்டும் மாறுபாடாகும். எங்களிடம் ஓராண்டுப் பதிவுகூட இன்னும் சேரவில்லை. அதுவரை அந்த 4ஐ ஊகித்து எழுத எனக்கு மனமில்லை.