9 வருட வாஷிங் மெஷின், 4 ஒப்பந்தங்கள்: ஏஎம்சிக்குக் கொடுத்த பணம் திரும்ப வந்ததா?

2016 அக்டோபரில் 7 கிலோ ஃப்ரண்ட் லோட் மெஷின் ஒன்று வாங்கினோம். வீடு மேடவாக்கம் பக்கம், அடுக்குமாடிக் குடியிருப்பு, முழுக்க போர் தண்ணீர். கம்பெனி கொடுத்தது 2 வருட முழு வாரண்டி, மோட்டாருக்கு மட்டும் 10 வருடம். அதற்குப் பிறகு ஒரு எக்ஸ்டெண்டட் வாரண்டியும், ஏஎம்சி எனப்படும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் மூன்றும் எடுத்திருக்கிறேன். ரசீதுகளை எல்லாம் ஒரே கோப்பில் வைத்திருப்பதால் கணக்கோடு சொல்ல முடிகிறது.

முதலில் அந்த 10 வருட மோட்டார் வாரண்டி. கடையில் விற்பனையாளர் அதைச் சொல்லித்தான் விற்றார். மோட்டார் என்றால் மோட்டார் மட்டும்தான். அதை இயக்கும் போர்டு, தண்ணீர் வெளியேற்றும் பம்ப், டிரம், பேரிங் எதுவும் அதில் சேராது. இந்த 9 வருடத்தில் என் மெஷினில் பழுதே ஆகாத பெரிய பாகம் மோட்டார்தான்.

2 வருடம் முடிவதற்கு ஒரு மாதம் முன்னால் கம்பெனியிலிருந்து அழைத்து, மேலும் 2 வருடத்துக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி 3,800 ரூபாய் என்றார்கள். எடுத்தேன். 2020 ஜனவரியில் ஒருநாள் பட்டனை அழுத்தினால் விளக்கே எரியவில்லை. வந்த சர்வீஸ் ஆள் மேல்மூடியைக் கழற்றியதும் முதலில் போர்டைப் பார்க்கவில்லை. டார்ச் அடித்து பல்லி, எறும்பு, எலி கடித்த தடம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். அப்போதுதான் ஒப்பந்தத்தை எடுத்து முழுதாகப் படித்தேன். பூச்சி, எலியால் வரும் சேதம், மின்னழுத்த ஏற்ற இறக்கம், உப்புத் தண்ணீரால் படியும் படிவம், ரப்பர் மற்றும் பிளாஸ்டிக் பாகங்கள் எல்லாமே விலக்குப் பட்டியலில் இருந்தன. நல்லவேளை, எங்கள் மெஷின் உள்ளே சுத்தமாக இருந்தது. ஜாப் ஷீட்டில் 'போர்டு பழுது' என்று மட்டும் எழுதினார். 6,900 ரூபாய் போர்டு இலவசமாக மாறியது. அதே ஆண்டு கதவைச் சுற்றியுள்ள ரப்பர் கேஸ்கெட் கிழிந்தபோது, ரப்பர் என்பதால் 2,400 ரூபாய் நான்தான் கொடுத்தேன்.

வாரண்டி முடிந்ததும் ஒரு வருடம் எதுவும் எடுக்கவில்லை. 2021இல் பம்ப் போனது. தெருமுனை மெக்கானிக் 1,650 ரூபாய்க்கு மாற்றிக் கொடுத்தார். அந்தப் பயத்தில் அடுத்து எடுத்ததுதான் நான் வருந்தும் ஒப்பந்தம்: 1,700 ரூபாய்க்கு 'நான் காம்ப்ரிஹென்சிவ்' ஏஎம்சி. இதில் வேலைக்கூலி மட்டும்தான் அடங்கும், பாகத்தின் விலை நம்முடையது. 2022இல் ஹீட்டர் போனபோது பாகத்துக்கு 1,900 கொடுத்தேன். மிச்சமானது 500 ரூபாய் கூலி. இலவசப் பராமரிப்பு வருகை என்று வந்த இரண்டு முறையும், வந்தவர் வடிகட்டியைக் கழுவிவிட்டு டீஸ்கேலிங் பவுடரும் மெஷின் உறையும் விற்கத்தான் அதிக நேரம் பேசினார். வடிகட்டி கழுவுவது நாமே 5 நிமிடத்தில் செய்யக்கூடியது. இந்த வகை ஒப்பந்தத்தை யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

2023 அக்டோபரில் மெஷினுக்கு 7 வயது. பாகங்களும் அடங்கும் 'காம்ப்ரிஹென்சிவ்' ஏஎம்சி, 4,500 ரூபாய். இடைவெளி விட்டு எடுப்பதால் முதலில் ஒருவர் வந்து சோதித்துவிட்டு, 'மெஷின் நல்ல நிலையில் இயங்குகிறது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: டப் செட், அதாவது டிரம்மும் அதைச் சுற்றியிருக்கும் வெளித் தொட்டியும், இதில் அடங்குமா? அடங்கும் என்று பதில் வந்தது. அந்தக் கேள்வியைக் கேட்கச் சொன்னது எங்கள் தெரு மெக்கானிக். "அக்கா, ஃப்ரண்ட் லோடுல மத்ததெல்லாம் சில்லறைச் செலவு. டப் போனாத்தான் மெஷினே போன மாதிரி" என்றார்.

அவர் சொன்னதன் காரணம் இதுதான். துணி சுழலும் டிரம் துருப்பிடிக்காத எஃகு. அதன் முதுகைத் தாங்கும் மூன்று கை கொண்ட சட்டம் பெரும்பாலும் அலுமினியக் கலவை. கரையாத சோப்புத்தூளும் தண்ணீரின் உப்பும் அந்தக் கைகளில் படிந்து, ஈரத்திலேயே கிடந்து மெல்ல அரிக்கின்றன. சீல் வழியாகத் தண்ணீர் கசிந்தால் பேரிங்கும் துருப்பிடிக்கும். பல மெஷின்களில் வெளி டப் இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒட்டியே வருகிறது. பேரிங்கை மட்டும் மாற்ற வழியில்லை, டப்பை முழுதாக மாற்ற வேண்டும். எங்கள் தண்ணீரின் கடினத்தன்மை பரிசோதனையில் லிட்டருக்கு 640 மில்லிகிராம் வந்தது. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் ஏற்கத்தக்க அளவு 200, வேறு வழியே இல்லாதபோது 600 வரை. அப்படியானால் எங்கள் டிரம் எவ்வளவு பாடுபட்டிருக்கும்!

அந்த ஏஎம்சியின் முதல் வருடத்தில் 1,100 ரூபாய் வால்வு ஒன்று மட்டும் மாறியது. 5,200 கொடுத்துப் புதுப்பித்தேன். 2025 மார்ச்சில் பிழியும்போது விமானம் கிளம்புவது போல இரைச்சல். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கதவைத் திறந்து டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். வெளி டப் அசையாமல் உள் டிரம் மட்டும் தனியாக ஆடியது. பேரிங் போய்விட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

வந்தவர் பார்த்துவிட்டு, "உப்புத் தண்ணி மேடம், இது கவர் ஆகாது" என்று சொல்லி 13,200 ரூபாய்க்கு மதிப்பீடு எழுதினார். நான் கையெழுத்துப் போடவில்லை. ஒன்றரை வருடத்தில் வந்துபோன பராமரிப்பு ஜாப் ஷீட்டுகள் எதிலும் உப்புப் படிவம் என்ற சொல்லே இல்லை. அவற்றையும், ஒப்பந்தத்துக்கு முந்தைய சோதனைத் தாளையும், டப் அடங்கும் என்ற மின்னஞ்சலையும் சேர்த்து கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு அனுப்பினேன். பத்து நாள் பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். மொத்தம் ஐந்து வாரம் கையால் துவைத்த பிறகு டப்பும் கூலியும் சேர்த்து 10,300 ரூபாயை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். மீதி 2,900, அதாவது ரப்பர் சாமான்கள், என் செலவு.

சரி, கணக்கு. நான்கு ஒப்பந்தங்களுக்கும் கட்டியது 15,200. அவற்றால் மிச்சமானது 6,900 போர்டு, 500 கூலி, 1,100 வால்வு, 10,300 டப், ஆக 18,800. லாபம் 3,600. டப் விஷயத்தில் அந்த முதல் மறுப்பை ஏற்றுக்கொண்டிருந்தால் 6,700 நஷ்டத்தில் நின்றிருப்பேன்.

இதை வைத்து என் கருத்து: ஃப்ரண்ட் லோடுக்கு 3, 4ஆம் வருடங்களுக்குக் கம்பெனியின் எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கலாம், ஒரு போர்டு போனாலே காசு திரும்பிவிடும். 7 வயதுக்கு மேல் டப் அடங்கும் என்று எழுத்தில் தந்தால் மட்டும் ஏஎம்சி. திருநெல்வேலியில் அம்மாவிடம் இருப்பது செமி ஆட்டோமேட்டிக்; அதில் மைக்ரோ போர்டும் இல்லை, ஹீட்டரும் இல்லை. டைமர், பெல்ட் என்று எது போனாலும் உள்ளூரிலேயே சில நூறு ரூபாயில் முடிகிறது. அதற்கு ஒப்பந்தமே எடுக்கவில்லை.

2025 அக்டோபரில் என் ஏஎம்சி முடிந்தது. டப் புதிது, போர்டு 5 வருடப் பழசு, அதனால் புதுப்பிக்கவில்லை. அந்தப் பணத்தில் இன்லெட் குழாய்க்கு முன்னால் ஒரு வடிகட்டி வைத்திருக்கிறேன், மாதம் ஒருமுறை துணியில்லாமல் டீஸ்கேலிங் பவுடர் போட்டு 60 டிகிரியில் ஓட்டுகிறேன்.