துணையின் கிரகம் ராகு மேலா, கேது மேலா?

இரண்டு ஜாதகங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்க்கும் சினாஸ்ட்ரியில், 'விட்ட குறை தொட்ட குறை' என்று சொல்லப்படும் உறவை ராகு, கேதுவில்தான் தேடுவார்கள்.

ஒருவருக்கு ராகு மேஷம் 12 பாகை, கேது நேர் எதிரே துலாம் 12 பாகை என்று வைத்துக்கொள்வோம். துணையின் சுக்கிரன் துலாம் 14-ல் இருந்தால் அது கேது மேல் விழுகிறது. பார்த்த அன்றே பல வருடம் பழகியது போல இருக்கும். விளக்கம் சொல்லாமலே புரியும். முன்ஜென்மத் தொடர்பு என்று வாசிப்பது இதைத்தான். ஆனால் கேது பழகிய தடம். சில காலம் கழித்து ஒரே சண்டை, ஒரே சமாதானம் என்று சுற்றத் தொடங்கினால் அதுதான் அடையாளம்.

அதே சுக்கிரன் மேஷம் 10-ல் இருந்தால் ராகு மேல். முதலில் ஈர்ப்போடு கொஞ்சம் பதற்றமும் வரும். இந்த ஆள் நம்மைப் பழகாத பக்கம் இழுப்பார். நீண்ட உறவுக்கு நான் இதைத்தான் கூடுதலாக மதிக்கிறேன்.

சரி, இடைவெளி எவ்வளவு? 3 பாகைக்குள் இருந்தால் மட்டும் கணக்கில் எடுங்கள். அப்புறம், ராகுவோடு ராகு சேர்வதை விதி என்று நினைக்க வேண்டாம். ராகு ஒரு ராசியில் சுமார் ஒன்றரை வருடம் இருப்பதால், ஒரே வயதுக்காரர்கள் பலருக்கும் அது பொருந்தும். சூரியன், சந்திரன், சுக்கிரன், லக்னம் தொட்டால்தான் அது அந்த இருவருக்கே உரியது.