41 மடல்களை ஒரு பக்கமாக்குதல்: நாள்வரிசையா, பொருள்வரிசையா?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். நடுவழியில் ஓர் ஆர்டரை வேறொருவரிடம் ஒப்படைக்க நேரும்போது, அதுவரை வந்த மின்னஞ்சல் தொடரையும் அவருக்குக் கொடுத்தாக வேண்டும். அதை மூன்று விதமாகக் கொடுக்கலாம்: தொடரை அப்படியே ஃபார்வர்டு செய்யலாம், நடந்தவற்றை நாள்வாரியாகச் சுருக்கலாம், அல்லது நிறம், துணி, லேபிள், கப்பல் தேதி என்று பொருள்வாரியாகப் பிரித்து முடிவையும் நிலுவையையும் எழுதலாம். அண்மையில் ஒரே ஆர்டருக்கு இம்மூன்றையும் செய்து பார்க்க நேர்ந்ததால், எது எங்கே உதவுகிறது, எங்கே கைவிடுகிறது என்பதை அந்த ஆர்டரைக் கொண்டே சொல்கிறேன்.

அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவருக்கு 12,000 வட்டக்கழுத்து டி-ஷர்ட்டுகள். மே 6 முதல் ஜூன் 10 வரை 41 மடல்கள் சேர்ந்திருந்தன. கோபிசெட்டிபாளையத்திலிருந்து புதிதாகப் பணிக்குச் சேர்ந்த பெண்ணிடம் ஆர்டரை ஒப்படைக்க வேண்டியிருந்ததால், முதலில் கடைசி மடலை, "கீழே பார்த்துக்கொள்ளவும்" என்ற ஒற்றை வரியுடன் ஃபார்வர்டு செய்தேன். மறுநாள் காலையில் அவர் வந்து கேட்டார்: "அண்ணா, நேவி புளூவுக்கு பி ஆப்ஷனைத்தானுங்க டையிங்குக்குச் சொல்லணும்?"

பி என்பது தவறு. ஆனால் அவர் படித்ததில் பிழை ஏதுமில்லை. வாடிக்கையாளர் தேர்ந்தெடுப்பதற்காகச் சாயமிட்டு அனுப்பும் சிறு துணி மாதிரிகளான லேப் டிப்பில், பி நிறத்துக்கு மே 14 அன்று ஒப்புதல் வந்தது உண்மை. ஐந்து நாள் கழித்து, கடை விளக்கொளியில் அதே நிறம் சிவப்பேறித் தெரிகிறது என்று வாடிக்கையாளரின் தரப்பிரிவு எழுதியது. அதை எழுதியவர் அன்றைய கடைசி மடலுக்குப் பதில் எழுதாமல், மே 14 மடலைத் திறந்து அதற்குப் பதில் எழுதிவிட்டார். அங்கிருந்து தொடர் இரண்டாகக் கிளைத்தது. புதிய டி நிறம் பற்றிய 9 மடல்களும் அந்தக் கிளையிலேயே நடந்து முடிந்தன. ஒரு மடலை ஃபார்வர்டு செய்தால், அதற்குக் கீழே மேற்கோளாகத் தொடரும் மடல்கள் மட்டுமே செல்லும். பக்கக் கிளை செல்லாது. எனவே அவர் கைக்குப் போனவை 32 மடல்கள்தாம். ஸ்பெக் ஷீட்டும் போகவில்லை, ஏனெனில் பதில் எழுதும்போது இணைப்புகள் உதிர்ந்துவிடுகின்றன. ஜிமெயிலில் உள்ள `Forward all` எல்லா மடல்களையும் அனுப்பும்தான். ஆனால் ஒவ்வொரு மடலுக்குள்ளும் முந்தைய மடல்கள் மீண்டும் மீண்டும் இருப்பதால், புதியவர் ஒரே வரியைப் பலமுறை படிக்க நேரும்.

அடுத்து, இரு கிளைகளையும் சேர்த்து நாள்வரிசையில் சுருக்கினேன். எழுதுவதற்கு இதுவே எளிது. ஒரு மடலுக்கு ஒரு வரி போதும். கதையும் புரிந்துவிடும். ஆனால் இவ்விரு வரிகளைப் பாருங்கள்: "மே 27: மூன்று ஐயங்களைக் கேட்டோம். ஜூன் 1: வாடிக்கையாளரிடமிருந்து பதில் வந்தது." படிப்பவர் அந்த விஷயம் முடிந்துவிட்டது என்றே கொள்வார். உண்மையில் பெட்டிக்குள் அளவுகளின் விகிதத்துக்கும், சலவைக் குறிப்பின் வாசகத்துக்கும் மட்டுமே பதில் வந்திருந்தது. கழுத்து லேபிளைத் தைப்பதா, ஹீட் டிரான்ஸ்பராகப் பதிப்பதா என்ற மூன்றாவது கேள்விக்கு எவரும் விடை சொல்லவில்லை. நாள்வரிசை நிகழ்ந்ததைப் பதிவு செய்கிறது. நிகழாமல் போனதற்கு அதில் இடமில்லை. நிலுவை என்பதோ நிகழாமல் போனதுதான்.

ஆகவே மூன்றாம் முறைக்கு வந்தேன். இதற்குத் தொடரை இருமுறை படிக்க வேண்டும். முதல்முறை பழையதிலிருந்து புதியதற்கு வந்து, ஒவ்வொரு பொருளிலும் கடைசியாக நிற்கும் முடிவைக் குறிக்க வேண்டும். இரண்டாம் முறை, கேள்வியாகவோ வேண்டுகோளாகவோ உள்ள ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனியே எடுத்து, அதற்கான விடை எந்த மடலில் இருக்கிறது என்று தேட வேண்டும். விடை இல்லாதவை நிலுவை. எனக்கு இதற்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. கிடைத்த பக்கத்தின் தலைப்பகுதி இது:

> நேவி நிறம்: டி (வாடிக்கையாளர், ஜூன் 2). மே 14-இல் ஒப்பிய பி ரத்து. நிபந்தனை: முதல் டையிங் லாட்டின் ஷேடு பேண்டைப் பார்த்த பிறகே வெட்டலாம். நிலுவை: ஷேடு பேண்டு கூரியர், நீங்கள், ஜூன் 13.
>
> துணி எடை: 180 ஜிஎஸ்எம், 5% கூடுதல் குறைவு ஏற்பு (மே 20). ஜூன் 4 மடல் "180" என்று மட்டும் சொல்கிறது. நிலுவை: 5% தொடர்கிறதா என்று கேட்க வேண்டும், நான், இன்று.
>
> கழுத்து லேபிள்: முடிவில்லை. மே 27-இல் கேட்டோம், பதில் இல்லை. நிலுவை: மீண்டும் கேட்க வேண்டும், நீங்கள், இன்று.
>
> கப்பல் தேதி: ஜூலை 8. மடலில் `07/08` என்று இருக்கிறது. அது ஆகஸ்ட் 7 அல்ல.

இதில் மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டுகிறேன். ரத்தான முடிவையும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறேன். இல்லாவிட்டால், புதியவர் பழைய மடலில் பி-க்கான ஒப்புதலைக் கண்டு என் சுருக்கத்தையே சந்தேகிப்பார். நிறத்துக்கு வந்த ஒப்புதல், சாயமேறிய துணியின் நிற வேறுபாட்டைக் காட்டும் மாதிரித் துண்டுகளான ஷேடு பேண்டைப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் வந்தது. "டி ஏற்கப்பட்டது" என்று மட்டும் எழுதியிருந்தால், அது சுருக்கமாகவும் இருந்திருக்கும், பொய்யாகவும் இருந்திருக்கும். துணி எடையில் நானே தீர்ப்புச் சொல்லவில்லை. 5% என்றால் 171 முதல் 189 வரை செல்லும். துணியை இறுக்கிச் சீராக்கும் காம்பாக்டிங் முடிந்து எங்களுக்குக் கிடைத்த 175 அதற்குள் அடங்கும். ஆனால் ஜூன் 4 மடல் அந்தச் சலுகையை நீக்கியதா, வெறுமனே சொல்லாமல் விட்டதா என்பது அதை எழுதியவருக்கு மட்டுமே தெரியும்.

இம்முறைக்குரிய ஆபத்தும் அதுவே. பொருள்வரிசையில் சுருக்குபவர் தெரிந்தோ தெரியாமலோ தீர்ப்பு வழங்குகிறார். "நோட்டட்" என்ற ஒற்றைச் சொல் பதிலை, பார்த்தேன் என்று கொள்வதா, சம்மதம் என்று கொள்வதா? என் வழக்கம், அதை முடிவாக எண்ணாமல் நிலுவையில் சேர்ப்பது. முடிவு ஒவ்வொன்றுக்கும் சொன்னவரும் மடல் தேதியும், நிலுவை ஒவ்வொன்றுக்கும் செய்பவரும் நாளும் இருக்கின்றனவா என்று பார்த்தால், சுருக்கத்தின் பழுது வெளியே தெரிந்துவிடும். தேதி காட்ட முடியாத முடிவு பெரும்பாலும் தொலைபேசியில் பேசியதாகவோ நாமே ஊகித்ததாகவோ இருக்கும். பேசியதாக இருந்தால் அதையும் அப்படியே எழுதிவிடலாம்.

ஒப்படைப்புக்குப் பொருள்வரிசையைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் நாள்வரிசையை நான் தூக்கி எறியவில்லை. சரக்கு தாமதமாகி, கப்பலுக்குப் பதில் விமானத்தில் அனுப்பும் செலவை யார் ஏற்பது என்ற வழக்கு எழுந்தால், எந்த ஒப்புதல் எத்தனை நாள் தாமதித்தது என்பதுதான் கேள்வியாகும். அங்கே பொருள்வரிசைப் பக்கம் பயன்படாது. அதனால் நிறத்துக்கு மட்டும், முடிவு மாறியதால், ஐந்து வரி நாள்வரிசையை அடியில் சேர்த்தேன். துணிக்கும் லேபிளுக்கும் சேர்க்கவில்லை.

பக்கத்தின் முதல் வரியாக "ஜூன் 10 மாலை 6 மணி வரை வந்த 41 மடல்களின்படி" என்று எழுதி, ஸ்பெக் ஷீட்டையும் பக்கக் கிளையின் கடைசி மடலையும் தனியே இணைத்து அனுப்பினேன். லேபிள் பற்றி அவர் அன்று மாலையே எழுதினார். ஹீட் டிரான்ஸ்பர் என்று மறுநாள் பதில் வந்ததும், அந்த வரியை அவரே திருத்தி, முதல் வரியின் தேதியையும் எண்ணிக்கையையும் மாற்றிவிட்டார்.